பன்னிரண்டு நரம்புகளும் ஐந்து சட்டங்களும்: நினைவு மாளிகை எங்கே உதவும், எங்கே வீண்

வரிசை மாறாமல் மனப்பாடம் செய்ய வேண்டிய பட்டியல் ஒன்று கையில் இருக்கும்போது, மாணவர் முன் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. முதலெழுத்துகளைக் கோத்து ஒரு வாக்கியம் செய்யலாம். சொற்களை ஒரு கதையாகத் தொடுக்கலாம். தெரிந்த ஒரு வீட்டின் இடங்களில் அவற்றை ஒவ்வொன்றாக வைத்து நினைவு மாளிகை கட்டலாம். இவை எதுவும் இல்லாமல் கேள்வி அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைப்பதில்லை. அந்த வரிசைக்குள் ஏதேனும் காரணம் இருக்கிறதா, தேர்வில் அதை எப்படிக் கேட்பார்கள் என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மருத்துவ முதலாண்டில் வரும் கபால நரம்புகள் பன்னிரண்டையும், போட்டித் தேர்வுகளில் வரும் ஆங்கிலேயர் காலச் சட்டங்களின் ஆண்டுகளையும் எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

கபால நரம்புகளின் வரிசை இது: ஆல்ஃபேக்டரி, ஆப்டிக், ஆக்குலோமோட்டார், ட்ராக்ளியர், ட்ரைஜெமினல், அப்டியூசன்ஸ், ஃபேஷியல், வெஸ்டிபுலோகாக்லியர், குளோசோஃபாரிஞ்சியல், வேகஸ், ஆக்சசரி, ஹைப்போகுளோசல். மூளையின் அடிப்பரப்பில் முன்னிருந்து பின்னாக அவை புறப்படும் ஒழுங்கில் எண்ணிடப்பட்டவை என்பதால் இந்த வரிசை காரணமற்றது அல்ல. ஆனால் மூளையை இன்னும் கையில் எடுத்துப் பார்க்காத மாணவருக்கு அந்தக் காரணம் கண்ணுக்குத் தெரியாது. அவருக்கு இவை வாயில் நுழையாத பன்னிரண்டு பெயர்கள் மட்டுமே.

முதலெழுத்து வாக்கியம் இந்தப் பட்டியலுக்குத்தான் உலகெங்கும் அதிகம் பயன்படுகிறது. ஆனால் அதன் பலவீனம் பளிச்சென்று தெரியும் இடமும் இதுவே. ஆங்கில எழுத்துகளில் பார்த்தால் முதல் மூன்று பெயர்களும் ‘ஓ’வில் தொடங்குகின்றன, அடுத்த இரண்டும் ‘டி’, ‘ஏ’ இரண்டு, ‘வி’ இரண்டு. ஆக, பன்னிரண்டில் ஒன்பது பெயர்கள் வேறொரு பெயருடன் முதலெழுத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வாக்கியம் நினைவில் இருந்தாலும் முதல் ‘ஓ’ எது, மூன்றாம் ‘ஓ’ எது என்பதை அது சொல்வதில்லை. பெயர்களை ஏற்கெனவே நன்றாகத் தெரிந்துகொண்டு, ஒழுங்கு மட்டும் நழுவுகிறவருக்கு முதலெழுத்து போதுமானது. செய்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. பெயரே நாக்கில் வராதவருக்கு அது வெறும் எழுத்து வரிசைதான்.

கதைத் தொடுப்பு இதைவிட வலுவானது. கார்டன் பவரும் மைக்கேல் கிளார்க்கும் 1969-இல் வெளியிட்ட ஆய்வில், பத்துப் பத்துச் சொற்கள் கொண்ட பன்னிரண்டு பட்டியல்களை ஒரு குழுவினர் கதைகளாகத் தொடுத்துப் படித்தனர், மறு குழுவினர் தம் போக்கில் படித்தனர். கடைசியில் எல்லாப் பட்டியல்களையும் சேர்த்துக் கேட்டபோது கதைக் குழு 93 விழுக்காடும் மற்றக் குழு 13 விழுக்காடும் சொன்னது. ஆனால் கதை ஒரு சங்கிலி. நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் இருப்பவை எல்லாம் கையைவிட்டுப் போகும். அதோடு, ‘ஒன்பதாவது நரம்பு எது?’ என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், முதலிலிருந்து கதை சொல்லி ஒன்பது வரை விரல் மடக்க வேண்டியிருக்கும். மருத்துவத் தேர்வில் கேட்கப்படுவது பெரும்பாலும் இந்த வகைக் கேள்வியே. பட்டியலை முழுதாக ஒப்பிக்கச் சொல்வோர் குறைவு.

நினைவு மாளிகை இந்த இரண்டு குறைகளையும் தீர்க்கிறது. ஒரு இடம் காலியாக இருந்தாலும் அடுத்த இடம் அப்படியே நிற்கும், ஏனென்றால் இடங்களை இணைப்பது பட்டியல் அல்ல, வீடு. எண் சொல்லிக் கேட்டால் நேராக அந்த இடத்துக்குப் போகவும் வழி உண்டு. கிறித்து பிறப்பதற்கு முந்தைய முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரெட்டோரிக்கா ஆட் ஹெரென்னியம் என்ற இலத்தீன் பேச்சுக்கலை நூல் இதற்கு ஓர் உபாயம் சொல்கிறது: ஒவ்வொரு ஐந்தாம் இடத்திலும் ஓர் அடையாளம் வைக்க வேண்டும், ஐந்தாவதில் ஒரு பொற்கை, பத்தாவதில் டெசிமஸ் என்ற பெயருள்ள நண்பர். அந்தப் பெயருக்குள் பத்து என்ற எண் ஒளிந்திருக்கிறது. இடங்கள் ஒன்றுபோல் இருக்கக் கூடாது, மிக வெளிச்சமாகவோ மிக இருட்டாகவோ இருக்கக் கூடாது, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய முப்பது அடி தள்ளி இருக்க வேண்டும் என்றும் அதே நூல் அறிவுறுத்துகிறது. நம் வீடுகளில் முப்பது அடி கிடைப்பது அரிது. ஆனால் ஒரே பார்வையில் இரண்டு இடங்கள் சேர்ந்து விழாமல் இருக்க வேண்டும் என்ற உட்கருத்து இன்றும் சரியே.

இனி, பன்னிரண்டு நரம்புகளை ஒரு வீட்டில் வைத்துப் பார்ப்போம். தெருக்கேட், செருப்பு ஸ்டாண்ட், சோபா, டிவி, ஊஞ்சல், மாடிப்படி, நிலைக்கண்ணாடி, பூஜை அறை, சாப்பாட்டு மேசை, அடுப்பு, சிங்க், கொல்லைக் கிணறு என்று நடக்கும் வழியிலேயே பன்னிரண்டு இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பட்டியலைத் தொடும் முன்பே இந்த வழியை முன்னும் பின்னுமாகத் தடங்கலின்றிச் சொல்ல வர வேண்டும். பலர் இதைத் தவிர்த்துவிட்டு, பிறகு முறையின் மேல் குறை சொல்கிறார்கள்.

தெருக்கேட்டில் ஓர் ஊதுவத்தி ஃபேக்டரி நடக்கிறது. வாசலில் நிற்கும் ஆள் ஒவ்வொரு வத்தியாக மோந்து பார்த்து அனுப்புகிறார். ‘ஆள்’, ‘ஃபேக்டரி’ என்ற ஒலிகள் ஆல்ஃபேக்டரியைத் தருகின்றன. மோப்பம் அதன் வேலையைத் தருகிறது. செருப்பு ஸ்டாண்ட் முழுவதும் ஆப்டிகல்ஸ் கடையாக மாறி, செருப்புகள் எல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டிருக்கின்றன. சோபாவில் ஒரு தண்ணீர் மோட்டார் ஓட, அதன் பெல்ட் இரண்டு கண்விழிகளைச் சுழற்றுகிறது. டிவி ஒரு கப்பியில் கயிறு கட்டித் தொங்குகிறது: ட்ராக்ளியா என்பதே கப்பிதான், கண்ணின் மேல்சாய்வுத் தசையின் நாண் அப்படியொரு வளையத்தின் வழியாகத்தான் திரும்புகிறது. ஐந்தாவதான ஊஞ்சலில் ஒரே மாதிரி மூன்று பிள்ளைகள். ஒருவன் நெற்றியைத் தேய்க்கிறான், ஒருவன் கன்னத்தை, ஒருவன் தாடையை. ட்ரைஜெமினலின் மூன்று கிளைகளும் அதில் அடங்கிவிடுகின்றன. மாடிப்படியில் ஒருவன் கண்விழியை வெளிப்பக்கமாக இழுத்துக் கடத்திக்கொண்டு ஓடுகிறான். நிலைக்கண்ணாடி முன்னால் பியூட்டி பார்லர் ஃபேஷியல் நடக்கிறது. இதற்கு விளக்கமே வேண்டாம். பூஜை அறை மணியின் மேல் ஒரு காக்கை உட்கார்ந்து மணியை ஆட்ட, நமக்குத் தலை சுற்றுகிறது. கேட்டலும் சமநிலையும் எட்டாவது நரம்பின் பொறுப்பு.

பத்தாவது இடத்தில் சற்று நிற்க வேண்டும். வேகஸ் என்றவுடன் தமிழ்க் காதுக்கு முதலில் வருவது ‘வேகம்’. அடுப்பின் மேல் ஒரு ரேஸ் கார் ஓடுவதாக வைத்துக்கொண்டால் பெயர் நினைவில் நிற்கும், ஆனால் பொருள் தலைகீழாகிவிடும். வேகஸ் இதயத் துடிப்பைக் குறைக்கும் நரம்பு. தேர்வறையில் அந்த ரேஸ் கார் தவறான விடைக்கே அழைத்துச் செல்லும். அதற்குப் பதிலாக, அடுப்பில் எவ்வளவு நேரமானாலும் வேகாத சோறு இருக்கட்டும். ஒலியும் பொருந்துகிறது, மந்தமும் பொருந்துகிறது, அடுப்பும் பொருந்துகிறது. படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது வேடிக்கையைவிட இந்தச் சரிபார்ப்பு முக்கியம்: ஒலியால் வந்த படம் உடலியங்கியலுக்கு எதிராகப் பேசுகிறதா என்று ஒவ்வொன்றையும் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சிக்கல் ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வருகிறது. குளோசோஃபாரிஞ்சியல், ஹைப்போகுளோசல் இரண்டிலும் நாக்கு இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய நாக்கும் கிணற்றில் ஒரு பெரிய நாக்கும் இருந்தால் இரண்டு நாளில் அவை ஒன்றாகிவிடும். எனவே மேசையில் நாக்கைவிட தொண்டையை முன்னிறுத்தி, விழுங்க முடியாமல் ஒரு லட்டு தொண்டையில் நிற்பதாக வைக்கலாம். கிணற்றிலோ நாக்கு ஒரு பக்கமாக வளைந்து வெளியே நீளட்டும். பன்னிரண்டாம் நரம்பு பழுதானால் நீட்டிய நாக்கு பழுதுள்ள பக்கம் சாயும் என்ற மருத்துவக் குறியும் அதில் சேர்ந்துவிடும். பதினொன்றாவது இடமான சிங்க்கில், கழுத்து நிறைய ஆக்சசரி மாலைகளைப் போட்டுக்கொண்ட ஒருவர் தோளைக் குலுக்கி ‘எனக்கென்ன’ என்கிறார்.

இதைக் கட்ட முதல் தடவை முக்கால் மணி நேரமாவது ஆகும். அதற்குப் பிறகுதான் சோதனை. வீட்டில் கொல்லையிலிருந்து கேட் வரை பின்னோக்கி நடந்து பெயர்களைச் சொல்லிப் பார்க்க வேண்டும். அடுத்து, எண்களைக் கலைத்துப் போட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டும். எங்கே தடுக்கிறது என்பதைக் கொண்டு பழுதைக் கண்டுபிடிக்கலாம். இடம் கண்ணில் தெரிகிறது, ஆனால் அங்கே ஒன்றும் இல்லை என்றால் படம் மந்தமாக இருக்கிறது. அது இடத்தோடு உரசவில்லை, வெறுமனே அதன் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. கப்பியில் தொங்கும் டிவி தெளிவாகத் தெரிகிறது, ஆனால் ‘ட்ராக்ளியர்’ என்ற சொல் வரவில்லை என்றால் படத்தில் குறையில்லை, படத்துக்கும் பெயருக்கும் இடையிலான ஒலிப்பாலம்தான் இல்லை. முதல் பழுதுக்குப் படத்தை மாற்ற வேண்டும். இரண்டாவதற்குப் படத்தைத் தொடாமல் பெயரை உரக்கச் சொல்லி ஒட்ட வேண்டும். ஓர் இடத்தையே தாண்டிப் போய்விடுகிறோம் என்றால் அந்த இடம் தகுதியற்றது, வேறு இடம் தேட வேண்டும். இந்த மூன்றையும் வேறுபடுத்தாமல் முழு வீட்டையும் திரும்பத் திரும்பச் சுற்றுவது நேர விரயம்.

மாளிகை கட்டினால் மறதி வராது என்ற நம்பிக்கைக்கு அடிப்படை இல்லை. மார்ட்டின் டிரெஸ்லர் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பயிற்சி இல்லாதவர்கள் தினமும் அரை மணி வீதம் 40 நாட்கள் இந்த முறையில் பயின்ற பின், 72 சொற்களில் சராசரியாக 26 சொல்லிக்கொண்டிருந்தவர்கள் 62 வரை சொன்னார்கள். பெரிய முன்னேற்றம்தான், ஆனால் அது அப்போதுதான் படித்த சொற்பட்டியலை நினைவுகூர்வது. ஆண்டு முடிவில் வரும் தேர்வுக்கு வைத்திருக்க வேண்டிய பட்டியல் வேறு. அன்று மாலை, மறுநாள், நான்காம் நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று வீட்டைச் சுற்றி வராவிட்டால் பூஜை அறைக் காக்கை பறந்துவிடும். அதனால் கேள்வி அட்டைகளையும் மாளிகையையும் எதிரெதிர் வழிகளாக நிறுத்துவது பொருந்தாது. ஆன்கி போன்ற செயலியில் ‘ஏழாம் நரம்பு?’ என்று ஓர் அட்டை போட்டுவிட்டு, விடையை வீட்டிலிருந்து எடுத்துவரலாம். சில வாரங்களில் நிலைக்கண்ணாடி தோன்றும் முன்பே ‘ஃபேஷியல்’ என்று வாயில் வந்துவிடும். அப்போது அந்தப் படத்தை விட்டுவிடலாம்.

ஆனால் உடற்கூறியல் முழுவதற்கும் மாளிகை கட்ட முனைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கைக்குச் செல்லும் நரம்புகளாலான பிராக்கியல் பின்னல் போன்றவை பட்டியல் அல்ல, கிளைகள். அவை பிரிவதும் சேர்வதும்தான் பாடம். அவற்றை நேர்வரிசையில் வைத்தால் மிச்சமிருப்பது பெயர்கள் மட்டுமே. வெற்றுத்தாளில் பத்துத் தடவை வரைந்து பார்ப்பதே அதற்கு வழி. மணிக்கட்டின் எட்டு எலும்புகளுக்கோ வேறு வீடே தேவையில்லை. இடது மணிக்கட்டில் பேனாவால் இரண்டு வரிசையாக வட்டம் போட்டு, கட்டைவிரல் பக்கத்திலிருந்து ஸ்கேஃபாய்ட், லூனேட், ட்ரைக்வெட்ரம், பிசிஃபார்ம், மேல்வரிசையில் மறுபடியும் கட்டைவிரல் பக்கத்திலிருந்து ட்ரபீசியம், ட்ரபீசாய்ட், கேப்பிடேட், ஹேமேட் என்று எழுதிக்கொண்டால் எலும்பு இருக்கும் இடமே நினைவிடமாகிவிடும். உடலிலேயே இடம் இருக்கும்போது அதைச் சமையலறைக்கு மாற்றுவது தேவையில்லாத மொழிபெயர்ப்பு வேலை.

ஒரே வீட்டில் இரண்டு நிரந்தரப் பட்டியல்களைக் குடிவைப்பதும் தவறு. நரம்புகள் இருக்கும் அதே பன்னிரண்டு இடங்களில் வேறொரு பட்டியலைப் போட்டால், அடுப்பில் வேகாத சோறும் இருக்கும், புதிய பொருளும் இருக்கும். எது எந்தப் பாடம் என்பது அவசரத்தில் தெரியாது. பத்துப் பட்டியல்களுக்குப் பத்து வீடுகள் வேண்டும். பள்ளிக்கூடம், தாத்தா வீடு, தினசரி நடக்கும் தெரு, ரயில் நிலையம் என்று தேடினால் இருபது வரை கிடைக்கும். அதற்கு மேல் பலருக்குக் கிடைப்பதில்லை. எனவே மாளிகையைச் செலவழிக்கும் பொருளாகக் கருதி, தகுதியான பட்டியலுக்கு மட்டும் கொடுக்க வேண்டும்.

வரலாற்று ஆண்டுகளுக்கு வருவோம். போட்டித் தேர்வுப் பாடத்தில் வரும் சட்டங்கள்: 1773 ஒழுங்குமுறைச் சட்டம், 1784 பிட் இந்தியச் சட்டம், 1793, 1813, 1833, 1853 பட்டயச் சட்டங்கள், 1858 சட்டம், பிறகு 1861, 1892, 1909, 1919, 1935. இவற்றை ஒரே மூச்சில் மாளிகையில் வைக்கப் புறப்படுகிறவர்கள் உண்டு. முன்பாதிக்கு அது வேண்டவே வேண்டாம். கம்பெனியின் பட்டயம் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. 1773-லிருந்து இருபது இருபதாகக் கூட்டினாலே 1853 வரை வந்துவிடும். நடுவில் பொருந்தாமல் நிற்பது 1784 ஒன்றுதான். 1858, முந்தைய ஆண்டுக் கிளர்ச்சியின் நேர்விளைவு. காரணம் தெரிந்த வரிசைக்குப் படம் எதற்கு?

பிற்பாதியின் ஐந்து ஆண்டுகளில் அப்படிப்பட்ட ஒழுங்கு இல்லை. ஆனால் இங்கே சிக்கல் வரிசை அல்ல, இலக்கம். எது முன், எது பின் என்பது பாடத்தைப் படித்தவருக்குத் தெரியும். 1861-ஆ 1864-ஆ என்பதில்தான் தடுமாற்றம். மாளிகை வரிசையைப் பிடித்துக்கொள்ளும், இலக்கத்தைப் பிடித்துக்கொள்ளாது. எண்ணைப் படமாக்க ஒரு குறியீடு தனியே வேண்டும். கர்நாடக இசை பயின்றவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் தரும் கடபயாதி முறையில், மேளகர்த்தா என்ற தாய் ராகப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகளுக்குரிய எண்களைத் திருப்பிப் போட்டால் மேள எண் கிடைக்கும். 61 காந்தாமணி, 9 தேனுகா, 19 ஜங்காரத்வனி, 35 சூலினி. நூற்றாண்டு எப்படியும் தெரியும் என்பதால் கடைசி இரண்டு இலக்கங்களே போதும். சூலினிக்கு ஒரு சூலம்; அதன் மூன்று முனைகளில் 1935 சட்டத்தின் கூட்டாட்சிப் பட்டியல், மாகாணப் பட்டியல், பொதுப்பட்டியல் மூன்றையும் குத்தி வைக்கலாம். ஜங்காரத்வனிக்கு ரீங்கரிக்கும் இரண்டு வண்டுகள். 1919-இன் இரட்டையாட்சி அதில் வந்துவிடும். தேனுகாவுக்கு ஒரு தேன்குடம், அதில் மிதக்கும் மின்ட் இலை, 1909, மின்டோ–மார்லி.

மேளகர்த்தாக்கள் 72 என்பதால் 92-க்கு ராகம் கிடையாது. ஆனால் அதே விதியால் ‘ராதா’ என்ற பெயரில் ர இரண்டு, வடமொழி நான்காம் த ஒன்பது, திருப்பினால் 92. இங்கேதான் தமிழ் எழுத்தில் படிப்பவருக்கு ஒரு தடை இருக்கிறது. தேனுகாவின் த ஒன்பது, காந்தாமணியின் த ஆறு. எழுத்தில் இரண்டும் ஒன்றே. வடமொழியின் நான்கு வகைத் த-வையும் காதால் பிரித்தறியாதவர் இந்தக் குறியீட்டை எண்ணிலிருந்து சொல்லுக்குக் கொண்டுபோகலாம். சொல்லிலிருந்து எண்ணுக்குத் திரும்பும்போது தவறுவார். ராகத்தின் மேள எண்ணை முன்பே மனப்பாடமாக வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே இசைப் பயிற்சி இல்லாதவர் ஐந்து ஆண்டுகளுக்காக ஒரு குறியீட்டையே கற்கப் புறப்படுவது நட்டக் கணக்கு. குறியீடு கையில் சரளமாக வரவே பல வாரங்கள் பிடிக்கும். அந்த ஐந்து ஆண்டுகளுக்கும் ஐந்து அட்டைகள் போட்டால் இரண்டு வாரத்தில் வேலை முடிந்துவிடும். நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளைக் காரணம் இல்லாத தனித்தனித் தகவல்களாக வைத்திருக்க வேண்டியவருக்குத்தான் குறியீட்டில் போட்ட உழைப்பு திரும்பி வரும். அவரும் முதலில் செய்ய வேண்டியது, அந்த இருநூறில் இருபதாண்டுப் பட்டயம் போலத் தானே விளங்கும் ஆண்டுகள் எத்தனை என்று பிரித்து ஒதுக்குவதுதான்.